பேவர் பிளாக் போட்ட இடத்துல டயர் தடம் மட்டும் ஏன் பள்ளமாகுது? கார் ஏறுற தரை போடுறதுக்கு ஒரு எளிய விளக்கம்

எங்க பெரியப்பா வீட்டு முன்னாடி கார் ஏத்துறதுக்கு பேவர் பிளாக் போட்டு ஒன்றரை வருஷம் ஆச்சு. போன தடவ போய் பார்த்தா ரெண்டு டயர் போற தடத்துலயும் ரெண்டு விரல் ஆழத்துக்கு பள்ளம், மழை பேஞ்சா அந்த ரெண்டு கோட்டுலயும் வாய்க்கா மாதிரி தண்ணி நிக்குது, ஓரத்துல இருந்த கல்லெல்லாம் வெளிப்பக்கமா சாஞ்சு நடுவுல விரல் போற அளவுக்கு சந்து விட்டிருக்கு. பெரியப்பா "கல்லு தரமில்ல போலப்பா, வேற நல்ல கல்லா பார்த்து மாத்திடலாமா"ன்னு கேட்டார். ஒரு கல்ல நெம்பி வெளிய எடுத்து பார்த்தேன், அதுல ஒரு கீறல் கூட இல்ல.

சரின்னு டயர் தடத்துல ஒரு பத்து கல்லையும், டயர் போகாத நடுப்பகுதில ஒரு நாலு கல்லையும் எடுத்து கீழ இருந்த மணல தோண்டி அளந்தோம். நடுவுல மணல் 3 சென்டிமீட்டர் இருந்துச்சு, டயர் தடத்துல 7 சென்டிமீட்டர். அதுக்கு கீழ இருந்த ஜல்லிய கையாலயே பிறாண்டி எடுக்க முடிஞ்சுது, ஒரு விரல் மொத்த கம்பிய வச்சு அழுத்தினா சரசரன்னு ஒரு சாண் உள்ள போகுது. அப்பவே விஷயம் புரிஞ்சு போச்சு. ஜல்லிய கொட்டி பரப்பி விட்டாங்களே ஒழிய இறுக்கல, மேடு பள்ளமா இருந்தத மணல போட்டு மட்டம் பண்ணி அதுமேல கல்ல அடுக்கிட்டு போயிட்டாங்க. போட்ட அன்னைக்கு பார்க்க சூப்பரா தான் இருந்திருக்கும்.

இந்த பிரச்சனை எப்படி வருதுன்னு புரிஞ்சுக்க கார் வெயிட்டு எங்க போகுதுன்னு பார்க்கணும். ஒன்றரை டன் காருன்னா ஒரு சக்கரத்துக்கு கிட்டத்தட்ட 375 கிலோ, அந்த 375 கிலோவும் டயர் தரைய தொடுற ஒரு உள்ளங்கையகல இடத்து வழியா தான் இறங்குது. பேவர் கல்லுக்கு கீழ சிமென்ட் கிடையாது, சும்மா மணல் மேல உட்கார்ந்திருக்கு, அதனால அந்த கல்லு வெயிட்ட மணலுக்கு தள்ளி விடும், மணல் ஜல்லிக்கு தள்ளி விடும், கடைசில மண்ணுக்கு போய் சேரும். நடுவுல இருக்க ஜல்லி அடுக்கு நல்லா இறுகி ஒரே கட்டியா இருந்தா அந்த வெயிட்ட பக்கவாட்டுல விரிச்சு குடுக்கும். கணக்குக்கு 45 டிகிரில விரியுதுன்னு வச்சுக்குவோம், மேல 15க்கு 15 சென்டிமீட்டர் இடத்துல இறங்குற வெயிட்டு 15 சென்டிமீட்டர் ஜல்லிய தாண்டி கீழ போறப்போ 45க்கு 45 இடத்துக்கு பரவிடும். அதாவது ஒன்பது மடங்கு இடம், மண்ணு மேல விழுற அழுத்தம் ஒன்பதுல ஒரு பங்கு. ஜல்லி லூசா கிடந்தா இந்த விரியுற வேலையே நடக்காது, ஒவ்வொரு தடவ கார் ஏறுறப்பவும் கல்லுங்க கொஞ்சம் நகர்ந்து கொஞ்சம் இறங்கி, கார் தானே ரோலர் வேலைய பார்க்குது, ஆனா அது போற ரெண்டு தடத்துல மட்டும் பார்க்குது. அதான் பள்ளம்.

மொத்தத்தையும் எடுத்துட்டு மறுபடி போடுறதுன்னு முடிவு பண்ணோம், கல்லு மட்டும் பழசு தான். இடம் 3 மீட்டர் அகலம், வீட்டுலேர்ந்து கேட்டு வரைக்கும் 6 மீட்டர் நீளம். அத என்னென்ன பண்ணோம்னு வரிசையா சொல்றேன், புதுசா போடுறவங்களுக்கும் இதே வரிசை தான்.

முதல்ல எவ்வளவு ஆழம் தோண்டணும்ங்கிற கணக்கு. கார் மட்டும் ஏறுற இடத்துக்கு 60 மில்லிமீட்டர் கனமுள்ள கல்லு போதும், லாரி வேன்னு கனமா எதாவது ஏறும்னா 80 மில்லிமீட்டர் போடுங்க. கல்லு 6 சென்டிமீட்டர், அதுக்கு கீழ மணல் 2.5, அதுக்கு கீழ இறுகின ஜல்லி 15, ஆகமொத்தம் 23.5, தோண்டுறது 24 சென்டிமீட்டர்னு வச்சுக்கிட்டோம். இந்த 15ங்கிறது எங்களுக்கு கீழ கெட்டி மண் இருந்ததால. களிமண்ணா இருந்தா 20, 25ன்னு ஏத்தணும், அதோட மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவுல ஜியோ டெக்ஸ்டைல் துணி விரிக்கணும், இல்லன்னா ஈரத்துல களிமண் மெதுவா ஜல்லி சந்துக்குள்ள ஏறி நீங்க போட்ட ஜல்லியோட கனம் போகப் போக குறைஞ்சுடும். வேரு, குப்பை, கறுப்பா இருக்க மேல்மண்ணு எல்லாத்தையும் 24 தாண்டினாலும் பரவால்லன்னு எடுத்துடணும், மக்குற பொருள் எதுவும் கீழ இருக்கவே கூடாது.

தோண்டி முடிச்சதும் அந்த மண்ணையே ஒரு தடவ இறுக்கணும், நிறைய பேர் இத விட்டுடுறாங்க. எங்களுக்கு இங்க ஒரு விஷயம் மாட்டுச்சு. வீட்டு சுவத்த ஒட்டி கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அகலத்துக்கு மண்ணு பொதபொதன்னு இருந்துச்சு. வீடு கட்டுறப்போ அஸ்திவாரத்துக்கு தோண்டின பள்ளத்துல மண்ண அப்படியே தள்ளி மூடியிருப்பாங்க, அது வருஷக்கணக்கா தானா இறங்கிக்கிட்டே இருக்கும். சுவர் ஓரத்துல மட்டும் கல்லு இறங்கி தண்ணி வீட்டு பக்கமா சாயுற கேஸெல்லாம் பெரும்பாலும் இதனால தான். அந்த ஒரு மீட்டர மட்டும் இன்னும் 40 சென்டிமீட்டர் கீழ தோண்டி, திமிசு கட்டை வச்சு ஒரு சாணுக்கும் கம்மியான அடுக்கு அடுக்கா மண்ண போட்டு இடிச்சு ஏத்தினோம். அரை நாள் வேல அது, கை வலி ரெண்டு நாள்.

அடுத்து ஜல்லி. இங்க பலரும் 40 எம்எம் ஜல்லிய மட்டும் வாங்கி கொட்டுவாங்க, பார்க்க பெருசா பலமா தெரியும். ஆனா ஒரே சைஸ் கல்லுக்கு நடுவுல நிறைய ஓட்டை, மேல போடுற மணல் அந்த ஓட்டைக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா இறங்கி மேல கல்லு உட்காரும். நமக்கு வேணும்னா பெரிய ஜல்லிலேர்ந்து கல்லுத்தூள் வரைக்கும் எல்லா சைஸும் கலந்த மிக்ஸ், ரோட்டுக்கு வெட் மிக்ஸ்னு போடுவாங்கல்ல அந்த மாதிரி. பெரிய கல்லு சந்துல சின்ன கல்லு, சின்ன கல்லு சந்துல தூள்னு போய் அடைஞ்சுக்கும். கல்லு உடைச்ச ஜல்லியா முனை முனையா இருக்கணும், ஆத்து கூழாங்கல்லு மாதிரி உருண்டையா இருந்தா எவ்வளவு இறுக்கினாலும் ஒன்னு மேல ஒன்னு உருளும்.

அளவு கணக்கு ஒன்னு. ஜல்லி கல்லுக்கு நேரா நின்னுடக்கூடாது, ரெண்டு நீள பக்கத்துலயும் 15 சென்டிமீட்டர் வெளிய நீளணும், ஏன்னு ஓரக்கல்லு வர்றப்போ சொல்றேன். அப்போ அகலம் 3.3, நீளம் 6, கனம் 0.15, பெருக்கினா கிட்டத்தட்ட 3 கன மீட்டர். ஆனா அது இறுகின பிறகு உள்ள அளவு, லூசா வர்ற ஜல்லி இறுகும்போது ஐஞ்சுல ஒரு பங்கு குறையும், அதனால மூணே முக்கால் கன மீட்டர் இறக்கினோம்.

இறுக்குறது தான் மொத்த வேலைக்கும் உயிர். தரைய அதிர வச்சு இறுக்குற மிஷினுக்கு பேரு பிளேட் காம்பாக்டர், வாடகைக்கு கிடைக்குறது 90 கிலோ சுமாருக்கு இருக்கும், அதோட அதிர்வு 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு தான் உருப்படியா போகும். மிஷின் ஓட்ட வந்த அண்ணன் "மொத்தமா கொட்டி மேல நாலு ஓட்டு ஓட்டிட்டா கல்லா இறுகிடும் தம்பி"ன்னார். மேல இறுகும் தான், அதுல சந்தேகமே இல்ல, மேல நின்னு குதிச்சா கூட ஆடாது, ஆனா அது மேல் ஓடு மாதிரி, கீழ பாதி லூசாவே கிடக்கும். பழைய ஆளுங்க பண்ணது அதே தான். அவர்கிட்ட பொறுமையா சொல்லி ரெண்டு அடுக்கா போட வச்சேன், லூசா ஒன்பதரை சென்டிமீட்டர் பரப்பி ஓட்டினா ஏழரைக்கு இறங்கும், அப்புறம் அடுத்த ஒன்பதரை.

தண்ணி சேர்க்கணும், ஆனா அளவா. காஞ்ச ஜல்லித்தூள் ஒன்னோட ஒன்னு உரசி நகராது, ரொம்ப ஈரமா இருந்தா சந்துல இருக்க தண்ணியே கல்ல நெருங்க விடாது. இந்த அளவான ஈரத்த தான் 1933ல ப்ராக்டர்ங்கிற அமெரிக்க இன்ஜினியர் சோதனையா செஞ்சு காட்டினார், இன்னைக்கும் ரோட்டு வேலைல அந்த சோதனைல வர்ற அதிகபட்ச இறுக்கத்துல எத்தனை பர்சென்ட் வந்திருக்குன்னு 95 பர்சென்ட் ப்ராக்டர், 98 பர்சென்ட் ப்ராக்டர்னு பேசுறது அவர் பேர்ல தான். வீட்டு வேலைக்கு லேப் வேணாம், கையே போதும். மிக்ஸ்ல தூள் நிறைஞ்ச ஒரு பிடிய எடுத்து உருண்டை பிடிங்க. கைய திறந்தா உருண்டை நிக்கணும், விரலால தட்டினா ரெண்டு மூணு துண்டா உடையணும், உள்ளங்கைல ஈரம் மட்டும் தெரியணும், தண்ணி வழியக்கூடாது. உருண்டையே நிக்காம பொடியா உதிர்ந்தா பூவாளில தண்ணி தெளிங்க, கை சொதசொதன்னு ஆச்சுன்னா வெயில்ல கொஞ்ச நேரம் விட்டுடுங்க.

ஓட்டுறப்போ ஓரத்துலேர்ந்து நடுவ பார்த்து, ஒவ்வொரு தடவையும் போன தடத்து மேல பாதி ஏறுற மாதிரி, ஒரு தடவ நீளவாக்குல அடுத்த தடவ குறுக்கவாக்குல. குறைஞ்சது நாலு ரவுண்டு. முதல் ரவுண்டுல மிஷின் சத்தம் தொப் தொப்புன்னு அமுங்கி கேட்கும், இறுக இறுக சத்தம் கணீர்னு மாறும், மிஷினே மேல துள்ள ஆரம்பிக்கும், அப்போ அந்த அடுக்கு முடிஞ்சுதுன்னு அர்த்தம். அதுக்கு மேல ஓட்டினா கல்லு நொறுங்கி தூளாகும், பிரயோஜனம் இல்ல. முடிச்சதும் அதே கம்பிய வச்சு எங்க பெரியப்பாவையே அழுத்த சொன்னேன், ரெண்டு கையாலயும் அழுத்தியும் முனை கூட இறங்கல. அப்புறம் கார அந்த ஜல்லி மேலயே மெதுவா ஏத்தி, பக்கத்துல குனிஞ்சு உட்கார்ந்து டயர் போறப்போ தரை அமுங்கி எழும்புதான்னு பார்த்தோம். சுவர் பக்கம் ஒரு இடத்துல லேசா மெத்தை மாதிரி அமுங்குச்சு, அத தோண்டினா கீழ ஈரக் களிமண் உருண்டை ஒன்னு மாட்டியிருந்துச்சு, எடுத்துட்டு ஜல்லி போட்டு திரும்ப இறுக்கினோம். கல்லு போட்ட பிறகு இது தெரிஞ்சிருந்தா அந்த மூலைய மொத்தமா பிரிச்சிருக்கணும்.

இப்போ வாட்டம். தண்ணி வீட்டவிட்டு வெளிய ஓடணும், 50க்கு 1ங்கிறது நல்ல வாட்டம், அதாவது ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் இறக்கம். 6 மீட்டருக்கு 12 சென்டிமீட்டர். 100க்கு 1க்கும் கம்மியா போனா கல்லு தரைல தண்ணி அங்கங்க தேங்கும், ஏன்னா கல்லுக்கு கல்லு ரெண்டு மூணு மில்லிமீட்டர் ஏத்த இறக்கம் இருக்கத்தான் செய்யும், அதுவே தண்ணிய மறிச்சுடும்.

இத அளக்க டியூப் லெவல் போதும். கண்ணாடி மாதிரி தெரியுற ஒரு டியூப்ல தண்ணி நிரப்பி, உள்ள ஒரு காத்துக்குமிழி கூட இல்லாம பார்த்துக்கணும், குமிழி இருந்தா அளவு பொய் சொல்லும். வீட்டு சுவத்துல கல்லோட மேல்மட்டம் எங்க வரணுமோ அங்க ஒரு கோடு போடுங்க, அந்த கோடு வீட்டு பேஸ்மென்ட் மட்டத்துக்கு 15 சென்டிமீட்டராவது கீழ இருக்கணும், அப்போ தான் மழைத்தண்ணி தெறிச்சு சுவத்துல ஏறாது. டியூப் ஒரு முனைல தண்ணி அந்த கோட்டுக்கு வந்தா இன்னொரு முனைல கேட்டு கிட்ட இருக்க ஆப்புலயும் அதே மட்டத்துல நிக்கும், அங்க ஒரு குறி வச்சு, அதுலேர்ந்து 12 சென்டிமீட்டர் கீழ இறக்கி நூல் கட்டணும். நடுவுல 3 மீட்டர்ல ஒரு ஆப்பு அடிச்சு அங்க 6 சென்டிமீட்டர் இறக்கம் வருதான்னு பார்த்துக்குங்க, நூல் தொய்ஞ்சிருந்தா அங்க தான் தெரியும்.

முக்கியமா இந்த வாட்டம் தோண்டுற மண்ணுலேர்ந்தே வரணும். மண்ண மட்டமா தோண்டி, ஜல்லிய மட்டமா போட்டு, கடைசில மணல்ல வாட்டம் குடுத்துக்கலாம்னு நினைச்சா வீட்டு பக்கம் மணல் 14 சென்டிமீட்டரும் கேட்டு பக்கம் 2ம் இருக்கும், தடிமனா இருக்க பக்கம் கூட இறங்கி வாட்டமே காணாம போயிடும். இன்னொன்னு, கல்லு ஜாயின்ட் வழியா கொஞ்சம் தண்ணி கீழ இறங்கத்தான் செய்யும், கீழ மண்ணும் சாய்வா இருந்தா அது வெளிய வடியும், மட்டமா இருந்தா தொட்டில நிக்குற மாதிரி அங்கேயே நின்னு மண்ண ஊற வைக்கும். நாங்க மண்ணு, ஜல்லி ரெண்டுலயும் நூல்லேர்ந்து கீழ ஒரே அளவு வருதான்னு மீட்டருக்கு ஒரு இடம் அளந்தோம். ஜல்லி முடிஞ்ச பிறகு 3 மீட்டர் நேர் குழாய மேல வச்சு பார்த்தா குழாய்க்கும் ஜல்லிக்கும் நடுவுல எங்கயும் 1 சென்டிமீட்டருக்கு மேல இடைவெளி இருக்கக்கூடாது. ரோடு உசரமாவும் வீடு தாழ்வாவும் இருந்து தண்ணி வீட்டு பக்கமா தான் வரும்னா, சுவத்துக்கு முன்னாடி குறுக்க ஒரு கிரேட்டிங் போட்ட வாய்க்கா வச்சு தண்ணிய பக்கவாட்டுல கொண்டு போயிடணும், வேற வழியில்ல.

அடுத்து ஓரக்கல்லு. அலமாரில புத்தகத்த நிமிர்த்தி அடுக்கிட்டு கடைசில முட்டு குடுக்கலன்னா கடைசி புத்தகம் சாயும், அது சாஞ்சா அடுத்தது சாயும். பேவர் தரையும் அதே கதை தான். காரு பிரேக் போடுறப்போ, ஸ்டியரிங் திருப்புறப்போ டயர் கல்ல பக்கவாட்டுல தள்ளுது. ஒரு கல்லு அடுத்த கல்ல தள்ள, கடைசி கல்ல பிடிக்க ஆளில்லன்னா அது ஒரு மில்லிமீட்டர் நகரும், ஜாயின்ட் திறக்கும், உள்ள இருக்க மணல் கீழ இறங்கும், அப்புறம் எல்லா கல்லும் லூசு. பெரியப்பா வீட்டுல ஓரத்துல கல்லு மேல கொஞ்சம் சிமென்ட் கலவைய பூசி விட்டிருந்தாங்க, அது மண்ணு மேல நின்ன பூச்சு, முதல் வருஷமே பட்டையா பிரிஞ்சு வந்துடுச்சு.

நாங்க கெர்ப் கல்ல அந்த இறுகின ஜல்லி மேலயே, கீழ கொஞ்சம் கான்கிரீட் போட்டு நிறுத்தி, வெளிப்பக்கம் 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு கல்லோட பாதி உசரத்துக்கு மேல வர்ற மாதிரி சரிவா கான்கிரீட் அண்டை குடுத்தோம். ஜல்லிய 15 சென்டிமீட்டர் வெளிய நீட்ட சொன்னதுக்கு காரணம் இது தான், அந்த கெர்ப்பும் அண்டையும் உட்கார கெட்டியான இடம் வேணும். மணல் மேலயோ வெறும் மண்ணு மேலயோ ஓரக்கல்ல வச்சா ஓரக்கல்லே நகரும், அப்புறம் அது எத பிடிச்சு நிறுத்தும்? நாலு பக்கமும் பிடிப்பு வேணும், ஒரு பக்கம் வீட்டு சுவர் இருக்கு, கேட்டு பக்கம் தான் எல்லாரும் மறப்பாங்க, கார் ஏறி இறங்குற அந்த பக்கம் தான் தள்ளு அதிகம். அங்க கெர்ப்ப தரை மட்டத்துக்கே புதைச்சு வச்சோம். கான்கிரீட் ரெண்டு மூணு நாளாவது இறுகட்டும், அதுக்குள்ள பக்கத்துல காம்பாக்டர் ஓட்டினா அண்டை விட்டுப் போகும்.

மணல் அடுக்கு எளிசு, ஆனா இங்க தான் கை துறுதுறுன்னு இருக்கும். கரகரப்பான, தூசி இல்லாத மணல், 25 மில்லிமீட்டர் குழாய் ரெண்ட ஜல்லி மேல இணையா வச்சு அது மேல மட்டக்கோல இழுத்தா மணல் ஒரே கனத்துக்கு வரும். குழாய எடுத்துட்டு அந்த பள்ளத்த மணல் தூவி நிரப்பிடணும். இழுத்த மணல் மேல கால் வைக்கக்கூடாது, இறுக்கவும் கூடாது, தண்ணி ஊத்தவும் கூடாது. போட்ட கல்லு மேலயே நின்னு முன்னாடி முன்னாடி போட்டுக்கிட்டே போகணும். கல்ல போடுறப்போ முடிவு மட்டத்தவிட 6லேர்ந்து 8 மில்லிமீட்டர் தூக்கலா நிக்கும், பின்னாடி காம்பாக்டர் ஓட்டுறப்போ அந்த அளவு இறங்கி கீழ இருக்க மணல் கொஞ்சம் ஜாயின்ட்டுக்குள்ள மேலேறி கல்ல கவ்விக்கும். மணல முன்னாடியே இறுக்கிட்டா இந்த கவ்வல் நடக்காது.

கார் ஏறுற இடத்துக்கு கல்ல வரிசையா அடுக்காம மீன்முள்ளு மாதிரி குறுக்கும் நெடுக்குமா போடுங்க, அப்போ எந்த பக்கமும் நீளமா ஒரே ஜாயின்ட் கோடு ஓடாது, எந்த பக்கம் தள்ளினாலும் பல கல்லு சேர்ந்து தாங்கும். ஓரத்துல வெட்டி வைக்குற துண்டு முழு கல்லுல மூணுல ஒரு பங்குக்கு கம்மியா வேணாம், சின்ன துண்டு டயர் பட்டா புரண்டு வந்துடும்.

கல்லுக்கு கல்லு 2, 3 மில்லிமீட்டர் சந்து விடணும். அழகா இருக்கும்னு ஒட்ட ஒட்ட வைக்குறது பெரிய தப்பு, கல்லு விளிம்பு ஒன்னோட ஒன்னு உரசி சில்லு சில்லா உடையும், மணலும் உள்ள போகாது. 5 மில்லிமீட்டர தாண்டினாலும் மணல் நிக்காம மழைல அரிச்சுட்டு போகும். இந்த சந்துல இறுகி நிக்குற மணல் தான் ஒரு கல்லு மேல விழுற வெயிட்ட பக்கத்து கல்லுக்கு கடத்துது, அது இல்லன்னா ஒவ்வொரு கல்லும் தனித்தனி தான். முதல்ல மணல் போடாம ரப்பர் மேட் கட்டின காம்பாக்டர ஒரு ரெண்டு ஓட்டு ஓட்டி கல்ல உட்கார வைக்கணும். அப்புறம் நல்லா காஞ்ச நைஸ் மணல கொட்டி வௌக்கமாத்தால தள்ளி, திரும்ப ஓட்டி, திரும்ப தள்ளி, மணல் மேற்கொண்டு இறங்காம நிக்குற வரைக்கும் இதே தான். எங்களுக்கு மூணு ரவுண்டு ஆச்சு. நிரம்பிடுச்சான்னு பார்க்க ஒரு சாவிய ஜாயின்ட்ல அழுத்துங்க, முனை மட்டும் இறங்கி நின்னா சரி, பாதி சாவி போச்சுன்னா மேல மட்டும் மூடி உள்ள காலியா இருக்குன்னு அர்த்தம். மணல் துளி ஈரமா இருந்தாலும் இப்படி தான் பாலம் கட்டிக்கும். ஜாயின்ட்ல சிமென்ட் கலவை ஊத்தலாமான்னு நிறைய பேர் கேட்குறாங்க, மணல் மேல உட்கார்ந்த கல்லு லேசா அசையும், சிமென்ட் அசையாது, அதனால விரிசல் விட்டு துண்டு துண்டா வெளிய வரும், வேணாம்.

பேவர் வேணாம், நேரா கான்கிரீட் போடலாம்னு நினைக்குறவங்களுக்கும் மண்ணு, ஜல்லி, வாட்டம் எல்லாம் மேல சொன்னது தான், ஜாயின்ட் மட்டும் வேற அர்த்தம். கான்கிரீட் காயுறப்போ சுருங்கும், கீழ ஜல்லி அத பிடிச்சு இழுக்கும், நீளமான ஒரே பலகையா இருந்தா எங்கயாவது விரிசல் விட்டே தீரும். அந்த விரிசல நாம சொல்ற இடத்துல நேர் கோட்டுல விட வைக்குறது தான் வெட்டு ஜாயின்ட். கனத்துல 24லேர்ந்து 30 மடங்கு தூரத்துக்கு ஒன்னு, 10 சென்டிமீட்டர் கனம்னா 2.4லேர்ந்து 3 மீட்டருக்குள்ள. எங்க இடத்தையே கான்கிரீட்டா போட்டிருந்தா 12 சென்டிமீட்டர் கனத்துல நடுவுல ஒரு வெட்டு, 3க்கு 3ன்னு ரெண்டு சதுரம். சதுரமா இருக்குறது நல்லது, நீளம் அகலத்துல ஒன்றரை மடங்க தாண்டினா நடுவுல தானா விரியும். வெட்டு ஆழம் கனத்துல கால்வாசி, அதாவது 3 சென்டிமீட்டர். மேலோட்டமா கோடு கிழிச்சு விட்டா விரிசல் அத மதிக்காம பக்கத்துல போகும். வெட்டுற நேரமும் முக்கியம், பிளேடு பட்டு ஜல்லி பெயராத அளவுக்கு இறுகினதும், பெரும்பாலும் போட்ட அன்னைக்கு ராத்திரிக்குள்ளயே வெட்டிடணும், வெயில் காலத்துல இன்னும் சீக்கிரம், ரெண்டு நாள் கழிச்சு வெட்டினா விரிசல் ஏற்கனவே அதுக்கு பிடிச்ச இடத்துல விட்டிருக்கும். சுவர், தூண், மேன்ஹோல் இதுங்கள ஒட்டுற இடத்துல முழு கனத்துக்கும் 1 சென்டிமீட்டர் அட்டை ஃபில்லர் வச்சு பிரிச்சுடணும், ரெண்டும் தனித்தனியா அசையட்டும். உள்ள போடுற கம்பி வலை விரிசல தடுக்காது, விட்ட விரிசல் அகலமாகாம பிடிச்சு வைக்கும், அவ்வளவு தான். ஏழு நாள் ஈரம் காயாம பார்த்துக்கணும்.

ஏற்கனவே போட்ட பேவர் கெட்டுப் போச்சுன்னா கல்ல குறை சொல்லுறதுக்கு முன்னாடி கெட்ட இடத்துல பத்து கல்ல எடுத்து பாருங்க. மணல் இடத்துக்கு இடம் கனம் மாறி, கீழ ஜல்லி மேல்மட்டமும் பள்ளமா இருந்தா அடித்தளம் இறங்கியிருக்கு, அந்த இடத்துல ஜல்லி வரைக்கும் பிரிச்சு தான் ஆகணும். ஜல்லி நேரா கல்லு மாதிரி இருந்து மணல் மட்டும் குறைஞ்சிருந்தா மணல் எங்கயோ ஓடுது, பெரும்பாலும் ஓரக்கல்லுக்கு கீழ சந்து இருக்கும், இல்ல கீழ ஓட்டை ஜல்லி இருக்கும். நடுவுல எல்லாம் நேரா இருந்து ஓர வரிசை ஜாயின்ட் மட்டும் அகலமா திறந்திருந்தா ஓரப்பிடிப்பு போச்சு, அந்த ரெண்டு மூணு வரிசைய மட்டும் எடுத்து கெர்ப்ப சரி பண்ணா போதும். பேவர்ல எனக்கு பிடிச்சதே இது தான், கல்ல எடுத்து சரி பண்ணி அதே கல்ல திரும்ப வைக்கலாம். பெரியப்பா வீட்டுல 900 கல்லுல உடைஞ்சது 20 கூட இருக்காது.

வேலை முடிஞ்ச சாயங்காலம் சுவர் பக்கத்துலேர்ந்து ஒரு வாளி தண்ணிய ஊத்திப் பார்த்தோம், எங்கயும் நிக்காம கேட்டு வரைக்கும் ஓடுச்சு. ரெண்டு மாசம் கழிச்சு, நடுவுல நாலு நல்ல மழை பேஞ்ச பிறகு போனேன். டயர் தடத்துல குறுக்க குழாய வச்சு பார்த்தா கீழ ஒரு தீக்குச்சி கூட நுழையல. கேட்டு கிட்ட மட்டும் ஜாயின்ட் மணல் அரை சென்டிமீட்டர் இறங்கியிருந்துச்சு, முதல் மழைக்காலத்துல அது சகஜம், அரை வாளி காஞ்ச மணல கொட்டி பெரியப்பாவே கூட்டி விட்டார்.